குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்தால் நம் ஊர்களில் பல வீட்டுப் பெண்களுக்கு ஒரு நிம்மதி. மாலை போட்டுக்கொண்ட கணவன் ஒரு மண்டலத்துக்குக் கடைப்பக்கம் போக மாட்டான். மாலை போடாதவர்களும் திடீரென்று நிறுத்துவது உண்டு. மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவர், ‘ஈரல் கெட்டுப்போச்சு’ என்று டாக்டர் சொன்னதில் பயந்தவர், காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பதால் வேறு வழியில்லாமல் நிறுத்தியவர் என்று பல வகை. நேற்று இரவு வரை குடித்ததை இன்று காலை அடியோடு விட்டுவிடுகிறார்கள்.

எப்போதாவது குடிப்பவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. பல வருடங்களாகத் தினமும் அதிகமாகக் குடித்து வந்தவருக்கு விஷயம் வேறு. அவருக்கு நிறுத்திய முதல் நான்கைந்து நாட்கள் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஹெராயின் பழக்கத்தை நிறுத்துகிறவர் படும் வேதனை பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்த வேதனையில் நேரடியாக உயிர் போவது அரிது. மதுவை நிறுத்தும்போது போகலாம். குடியை விடவே கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விடத்தான் வேண்டும். எப்படி விடுவது என்று தெரியாமல் விட்டு, விட்டதாலேயே ஒருவர் சாவது கொடுமை. அந்தச் சாவைத் தடுக்க மருந்து இருக்கிறது, அதுவும் விலை குறைந்த மருந்து. அதனால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். இவர் தனி ஒரு ஆள் அல்ல. மருத்துவமனைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்படும் பலரைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறேன். வயது 44. பதினைந்து வருடமாகக் குடி. கடைசி ஐந்து வருடமாக நாளுக்கு மூன்று குவார்ட்டர் பிராந்தி. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஆக, தினமும் 180 கிராம் ஆல்கஹால் அவர் உடம்புக்குள் போகிறது. கடை நண்பகலில்தான் திறக்கும் என்பதால் இரவே ஒரு கட்டிங் எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். காலையில் அது உள்ளே போனால்தான் கை நிற்கும். கை நின்றால்தான் கரண்டி பிடிக்க முடியும். வீட்டில் இதைக் ‘காலையிலேயே ஆரம்பிச்சிட்டான்’ என்று திட்டுவார்கள். மருத்துவர் காதில் இது வேறு மாதிரி விழும். காலையில் கை நடுங்குவதும், குடித்ததும் நடுக்கம் நிற்பதும், இந்த ஆள் மருத்துவ உதவி இல்லாமல் நிறுத்தக் கூடாதவர் என்பதற்கு மிகத் தெளிவான அடையாளம்.

ஏன் அப்படி? நம் மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கும் வேதிப்பொருள் ஒன்று உண்டு, பெயர் காபா. நரம்புகளை உசுப்பிவிடும் வேதிப்பொருள் குளூட்டமேட். இரண்டும் கயிறு இழுக்கும் போட்டிபோல எதிரெதிரே இழுத்துக்கொண்டு நிற்பதால்தான் மூளை நிதானமாக வேலை செய்கிறது. ஆல்கஹால் காபாவின் பக்கம் சேர்ந்து இழுக்கிறது. குடித்தவருக்குத் தூக்கமும் தள்ளாட்டமும் வருவது அதனால்தான். தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. அடக்கும் பக்கத்தைத் தளர்த்திவிட்டு, உசுப்பும் பக்கத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டே போகும். அரை குவார்ட்டரில் ஆடியவர் மூன்று குவார்ட்டர் அடித்தும் நேராக நடப்பது இப்படித்தான். ‘எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா இருப்பான்’ என்று நண்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவருடைய மூளை எவ்வளவு தூரம் மாறிப்போயிருக்கிறது என்பதற்குத்தான் அது சான்று. அந்த நிலையில் ஒரே நாளில் ஆல்கஹாலை எடுத்துவிட்டால், ஒரு பக்கத்தில் ஆளே இல்லை. வருடக்கணக்கில் சேர்ந்த பலம் முழுவதும் மறுபக்கம் இழுக்கிறது. மூளை பழைய நிலைக்கு வரச் சில நாட்கள் ஆகும். ஆபத்தெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

நம் கொத்தனார் ஞாயிறு இரவு பத்து மணிக்குக் கடைசிக் குவார்ட்டரை முடித்தார். திங்கள் விடியற்காலை குளித்து மாலை போட்டுக்கொண்டார். அன்றைக்குத் தலைமாட்டில் கட்டிங் இல்லை. எட்டு மணிக்குள் கை உதறத் தொடங்கிவிட்டது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் தரையில் சிந்தியது. வியர்வையில் வேட்டி நனைந்தது. குமட்டல், படபடப்பு, காரணமில்லாத ஒரு பயம். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. ‘விரதம், பச்சைத்தண்ணீர்க் குளியல், உடம்பு பழகலை’ என்று வீட்டில் நினைத்தார்கள். குடி நின்ற ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் இப்படி வருவது வழக்கம். மருத்துவர்கள் இதை ‘வித்ட்ராயல்’ என்பார்கள். பெரும்பாலோருக்கு இது இந்த அளவோடு நின்று, இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். ‘நான் எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கேன், ஒண்ணும் ஆகலை’ என்று சிலர் சொல்வதும் பொய்யல்ல.

இவருக்கு அத்தோடு நிற்கவில்லை. திங்கள் நள்ளிரவு தாண்டி, அதாவது கடைசிக் குடிக்குப் பின் 28 மணி நேரம் கழித்து, உடம்பு விறைத்து வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். வீட்டில் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். இரண்டு நிமிடத்தில் வலிப்பு தானாக நின்றது. சாவியால் நின்றதாக எல்லோரும் நம்பினார்கள். இந்த வகை வலிப்பு பெரும்பாலும் நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். அதற்கு முன் வாழ்நாளில் வலிப்பே வராதவருக்கும் வரும். விடிந்ததும் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். ‘என்ன ஆச்சு?’ என்று டாக்டர் கேட்டபோது, கழுத்தில் மாலையோடு நிற்கும் மனிதரைக் குடிகாரர் என்று சொல்ல மனைவிக்கு நா எழவில்லை. ‘விரதம் இருக்காருங்க, சரியா சாப்பிடலை’ என்றார். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். மனைவி மறைத்தது மானத்துக்காக. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு தகவல் சொல்லப்பட்டிருந்தால் பின்னால் வந்தது பெரும்பாலும் வந்திருக்காது.

புதன்கிழமை, மூன்றாம் நாள் சாயங்காலம். கொத்தனாருக்கு வலது கை காற்றில் எதையோ அள்ளியது. இடது கை அதைத் தடவியது. கலவையை அள்ளிச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். ‘ஏய், கல்லை எடுத்துப் போடு, மழை வருது’ என்று இல்லாத சித்தாளை அதட்டினார். மகளை யாரென்று தெரியவில்லை. இது எந்த இடம் என்று கேட்டால், பத்து வருடத்துக்கு முன் வேலை செய்த ஊரைச் சொன்னார். பிறகு போர்வையில் எறும்பு ஊர்வதாக ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடத் தொடங்கினார். உடம்பு அனலாகக் கொதித்தது. நாடி நிமிடத்துக்கு 130.

இதுதான் டெலிரியம் ட்ரெமன்ஸ். ஆஸ்பத்திரியில் சுருக்கமாக ‘டி.டி.’ என்பார்கள். வழக்கமாக, குடியை நிறுத்திய இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் தொடங்கும். அந்தக் கலக்கத்தில் பலர் தங்கள் தொழிலையே செய்துகொண்டிருப்பார்கள். டிரைவர் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புவார். தையல்காரர் இல்லாத துணியைத் தைப்பார். பார்ப்பவர்களுக்கு இது பைத்தியம்போலத் தெரியும், இல்லையென்றால் பேய் பிடித்ததுபோல. மாலை போட்டவர் நடுங்கினால் சாமி வந்துவிட்டது என்றும் நினைக்கலாம். பூசாரியிடமோ தர்காவுக்கோ கூட்டிப்போகிறவர்களின் நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. ஒன்று மட்டும் பாருங்கள். சாமி வந்து ஆடுகிறவர் சற்று நேரத்தில் மலையேறித் தெளிந்துவிடுவார். இவர் தெளிய மாட்டார். இரவானால் கலக்கம் கூடும். கூடவே காய்ச்சல், வியர்வை, குதிரை ஓட்டமாய் நாடி. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி மட்டும்தான், அதுவும் அந்த மணியிலேயே.

இதற்குக் காரணம் மது நின்றதுதான் என்பதே மருத்துவ உலகம் வெகுகாலம் ஒப்புக்கொள்ளாத விஷயம். இந்த நோய்க்குத் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் 1813இல் பெயர் வைத்தார். அதற்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேலாக, குடித்தவர்கள் ஒழுங்காகச் சாப்பிடாததால், சத்துக்குறைவால்தான் இது வருகிறது என்று பலர் வாதிட்டார்கள். ஹாரிஸ் இஸ்பெல் என்பவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் ஒரு சோதனை நடத்தி 1955இல் வெளியிட்டார்கள். முன்பு மார்ஃபின் பழக்கத்துக்கு ஆளாகியிருந்த பத்துப் பேருக்கு, நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்துக்கொண்டே, தினமும் அதிக அளவில் மது கொடுத்தார்கள். பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். 48 நாள் முதல் 87 நாள் வரை குடித்த ஆறு பேரில் இரண்டு பேருக்கு வலிப்பு வந்தது; மூன்று பேருக்குப் புத்தி கலங்கியது. வயிறார உண்டவர்களுக்கும் வந்ததால், நிறுத்தியதே காரணம் என்பது உறுதியானது. இன்றைக்கு இப்படி ஒரு சோதனையை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது; அனுமதிக்கவும் கூடாது.

டி.டி.யில் எப்படி உயிர் போகிறது? நாள் கணக்கில் ஓய்வே இல்லாமல் உடம்பு உச்சக்கட்ட வேகத்தில் ஓடுகிறது. வியர்வை, வாந்தி, காய்ச்சல் என்று நீர் வற்றுகிறது. பொட்டாசியமும் மக்னீசியமும் குறைகின்றன. அவை குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். கலக்கத்தில் வாந்தி எடுத்து, அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. பூச்சிகளிடமிருந்து தப்புவதாக மாடியிலிருந்து குதித்தவர்கள், சாலையில் ஓடியவர்கள் உண்டு. சிகிச்சை வராத காலத்தில் டி.டி. வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்தார்கள். ஒழுங்கான சிகிச்சை கிடைத்தால் இன்று அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே.

அந்தச் சிகிச்சையில் மர்மம் எதுவும் இல்லை. ஆல்கஹால் இழுத்துக்கொண்டிருந்த அதே காபா பக்கத்துக்குத் துணை நிற்கும் மருந்துகள் இருக்கின்றன. டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு இரண்டும் அந்த வகை. ஈரல் கெட்டிருந்தால் லோராசிபாம் கொடுப்பார்கள். முதல் நாள் நடுக்கமும் நாடியும் அடங்கும் அளவுக்குக் கொடுத்து, பிறகு நாளுக்கு நாள் குறைத்து, ஐந்து முதல் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். அளவை முடிவு செய்ய நர்ஸ் சில மணிக்கு ஒருமுறை வந்து கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். வியர்வை, நாடி, குமட்டல், பதற்றம், இது என்ன நாள், என்ன இடம் என்று தெரிகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார். இதே மாத்திரையை மெடிக்கலில் சொல்லி வாங்கி வீட்டில் கொடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அளவு குறைந்தால் வலிப்பைத் தடுக்காது. அதோடு சரக்கும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம். அளந்து கொடுக்கவும் பக்கத்திலிருந்து கவனிக்கவும் ஆள் வேண்டும் என்பதால்தான் மருத்துவமனை.

இன்னொரு மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: தயாமின், அதாவது வைட்டமின் பி1. நெடுநாள் குடித்தவர் உடம்பில் இது வற்றிக் கிடக்கும். குளுக்கோஸை எரிக்க மூளைக்குத் தயாமின் வேண்டும். அது இல்லாதவருக்கு வெறும் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றினால், மிச்சம் மீதியும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடும், கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும் அல்லது அசையாமல் போகும், புத்தி குழம்பும். உடனே ஊசியாக அதிக அளவு தயாமின் கொடுத்தால் மீளலாம். தவறவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும். காலையில் சாப்பிட்டது மாலையில் நினைவில் இருக்காது, அப்படியே மீதி வாழ்க்கை முழுக்க. கொத்தனாருக்கு அந்தக் கிளினிக்கில் நடந்தது இப்போது புரிந்திருக்கும். ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கியிருந்தால் குளுக்கோஸைத் தள்ளிப்போட முடியாது. அப்போதும் தயாமினைச் சேர்த்தே கொடுப்பார்கள். டாக்டருக்கு இதெல்லாம் தெரியும். ஆள் குடிப்பவர் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

கொத்தனார் பிழைத்துக்கொண்டார். மைத்துனர் ஒருவர் ‘இது குடிய விட்டதால வர்றது மாமா, எங்க கம்பெனியில பார்த்திருக்கேன்’ என்று சொல்லி, 108-ஐ அழைத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கண்ணில் மஞ்சள் தெரிந்ததால் லோராசிபாம் ஊசி, தயாமின், பொட்டாசியம். வெள்ளி இரவு முதல்முறையாகத் தூங்கினார். ஞாயிறு காலை மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த மூன்று நாட்கள் அவருக்கு நினைவில் இல்லை.

அவர் மறுபடி குடிக்கத் தொடங்கி, மறுபடி தானாக நிறுத்தினால் என்ன ஆகும்? இதைக் குடும்பங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். போன தடவை வெறும் நடுக்கத்தோடு போயிற்று என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் ஆகாது. ஒவ்வொரு திடீர் நிறுத்தமும் மூளையை இன்னும் எளிதில் பற்றிக்கொள்வதாக ஆக்குகிறது. முதல் முறை நடுக்கம், நான்காம் முறை வலிப்பு, ஆறாம் முறை டி.டி. என்று வளர்ந்துகொண்டே போகலாம். ஒருமுறை வலிப்போ டி.டி.யோ வந்தவர் இனி எப்போதும் மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். வயதானவர்கள், ஈரல் கெட்டவர்கள், காய்ச்சலோ தலையில் அடியோ உள்ளவர்கள் விஷயத்திலும் அப்படித்தான்.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது நாடெங்கும் மதுக்கடைகள் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. லட்சக்கணக்கானவர்கள் விரும்பாமலே ஒரே நாளில் நிறுத்த நேர்ந்தது. கேரளத்தில் வித்ட்ராயல் துன்பத்தோடும் தற்கொலைகளோடும் நிலைமை கைமீறியதால், டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று மாநில அரசு மார்ச் 30 அன்று ஆணையிட்டது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. உயர் நீதிமன்றம் ஏப்ரல் 2 அன்று அந்த ஆணையை நிறுத்திவைத்தது. மருத்துவர்களின் வாதம் நியாயமானது: இந்த நோய்க்கு முறையான மருந்து இருக்கும்போது, சாராயத்தை மருந்தாக எழுதித் தரக் கூடாது. ஆனால் அந்த மருந்து இருப்பது எத்தனை வீடுகளுக்குத் தெரிந்திருந்தது? அங்கேதான் நாம் தவறிவிட்டோம் என்று நினைக்கிறேன்.

அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்துவது இன்றும் நடக்கிறது. டாக்டர் இல்லாத ‘மறுவாழ்வு மையங்களில்’ கட்டிப்போடுவதும் நடக்கிறது. ஒரு மையத்தில் சேர்க்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: அரசிடம் பதிவு செய்திருக்கிறார்களா, முதல் வாரம் டாக்டர் தினமும் வருவாரா, இரவில் நர்ஸ் இருப்பாரா? மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் ‘குடி மறக்கும் மருந்து’ பக்கமும் போகாதீர்கள். அதில் டைசல்ஃபிரம் இருந்து, அவர் வெளியே போய்க் குடித்தால், ரத்த அழுத்தம் விழுந்து அதுவே ஆளைக் கொல்லக்கூடும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். புத்தி கலங்கினாலும் அப்படியே செய்யுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் தினமும் குடிக்கிறவர், காலையில் கை நடுங்குகிறவர், ‘நாளையிலிருந்து விட்டுடறேன்’ என்று சொன்னால், அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவரை முதலில் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே இதற்குக் கட்டணம் இல்லை. டாக்டரைப் பார்க்கும்வரை, அது அன்றைக்கோ மறுநாளோதான் இருக்க வேண்டும், அடியோடு நிறுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். இதை ஒரு மனைவியின் வாயால் சொல்லச் சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணையோ, 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையோ அழைக்கலாம். எந்த நோய்க்காக, எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, இதற்கு முன் வலிப்பு வந்ததுண்டா என்ற நான்கையும், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.